ஒரு கணக்கை அழிக்க மூன்று தேதிகள்

போனிலிருந்து ஒரு செயலியைத் தூக்கிவிட்டால் கணக்கும் சேர்ந்து போய்விட்டது என்று பலரும் நினைக்கிறார்கள். போவது செயலி மட்டும்தான். பெயர், கைபேசி எண், வீட்டு முகவரி, இதுவரை வாங்கிய சாமான்களின் பட்டியல் எல்லாம் அந்த நிறுவனத்தின் சர்வரில் அப்படியே இருக்கும். அவையும் போக வேண்டுமானால் கணக்கை நீக்கச் சொல்லித் தனியாகக் கேட்க வேண்டும். கணக்குத் தொடங்கச் சொல்லும் எந்தச் செயலியும், அதை நீக்கக் கோரும் வழியையும் செயலிக்குள்ளேயே தர வேண்டும் என்று ஆப்பிள் நிறுவனம் 2022 ஜூன் 30 முதல் கட்டாயமாக்கியது. அடுத்த ஆண்டு கூகுள் பிளேயும் இதே போன்ற விதியை அறிவித்தது. செயலியை ஏற்கெனவே தூக்கிவிட்டவர்களும் கேட்க வசதியாக, இணையத்திலும் ஒரு வழி இருக்க வேண்டும் என்று அது சேர்த்துச் சொன்னது.

ஆக, பட்டன் வந்துவிட்டது. அதை அழுத்திய பிறகு உள்ளே நடப்பதுதான் செயலிக்குச் செயலி வேறுபடுகிறது. அங்கே இரண்டு விதமாகத் தவறு நடக்கலாம். இரண்டும் பெரிய அளவில் நடந்தும் இருக்கின்றன.

முதல் வகை, அழிய வேண்டியது அழியாமல் தங்கிவிடுவது. மணமானவர்களின் ரகசிய உறவுகளுக்கென்றே நடத்தப்பட்ட கனடா நாட்டு இணையதளம் ஆஷ்லி மேடிசன். அங்கே கணக்கை முழுவதும் அழிக்க 19 டாலர் கட்டணம் வாங்கினார்கள். 2015-இல் அந்தத் தளத்துக்குள் புகுந்தவர்கள் தகவல்களைத் திருடி வெளியிட்டபோது, காசு கட்டி அழிக்கச் சொன்னவர்களின் விவரங்களும் அதில் இருந்தன. கனடா, ஆஸ்திரேலியா நாடுகளின் தனியுரிமை ஆணையங்கள் சேர்ந்து விசாரித்தன. ‘முழு அழிப்பு’க்குப் பிறகும், கார்டு பணத்தைத் திரும்பக் கேட்டு வருபவர்களைச் சமாளிக்கவென்று நிறுவனம் 12 மாதம் தகவலை வைத்திருந்தது தெரிந்தது. சிலரின் புகைப்படங்கள் அந்த 12 மாதமும் தாண்டி, தவறுதலாகவே தங்கியிருந்தன.

இரண்டாம் வகை, அழியக் கூடாதது அழிந்துவிடுவது. ஜிரா, கான்ஃப்ளூயன்ஸ் போன்ற அலுவலக மென்பொருள்களை நடத்தும் ஆஸ்திரேலிய நிறுவனமான அட்லாசியன், 2022 ஏப்ரல் 5 அன்று பழைய செயலி ஒன்றை வாடிக்கையாளர்களின் தளங்களிலிருந்து நீக்க ஒரு ஸ்கிரிப்டை ஓட்டியது. செயலியின் அடையாள எண்கள் இருக்க வேண்டிய பட்டியலில் தளங்களின் எண்களே ஏறியிருந்தன. அந்த ஸ்கிரிப்டை இரண்டு விதமாக ஓட்டலாம்: ‘நீக்கத்துக்குக் குறித்து வை’ என்பது ஒன்று, ‘நிரந்தரமாக அழி’ என்பது மற்றொன்று. அன்று ஓடியது இரண்டாவது. 23 நிமிடத்தில் 775 வாடிக்கையாளர்களின் 883 தளங்கள் காணாமல் போயின. எல்லாவற்றையும் பேக்கப்பிலிருந்து மீட்டு முடிக்க ஏப்ரல் 18 ஆகிவிட்டது.

இந்த இரண்டுக்கும் இடையில் நடக்கத்தான் மென்பொருள் துறையில் அழிப்பதைப் படிகளாகப் பிரிக்கிறார்கள். முதலில் மறைத்து வைப்பது சாஃப்ட் டிலீட். எதை எத்தனை நாள் வைத்திருப்பது என்பது ரிடென்ஷன் காலம். நாள் முடிந்ததும் இரவில் தானாக ஓடி, மிச்சமில்லாமல் துடைக்கும் நிரல் பர்ஜ் ஜாப். மூன்றும் சேர்ந்தால்தான் ஒரு கணக்கு உண்மையில் அழிகிறது.

இந்தியாவில் இயங்கும் ஒரு மளிகை டெலிவரி செயலியை உதாரணமாக எடுத்துக்கொண்டு இதைப் படிப்படியாகப் பார்ப்போம். கைபேசி எண்ணும் ஓடிபியும்தான் அதில் லாகின். ஒரு வாடிக்கையாளர், கணக்கு எண் 48213, 2026 மார்ச் 2 அன்று காலை ‘கணக்கை நீக்கு’ என்பதை அழுத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம்.

அழுத்தியதும் நடக்க வேண்டியவை

அழுத்தியது கணக்குக்கு உரியவர்தானா என்று முதலில் ஒரு ஓடிபி அனுப்பிப் பார்க்க வேண்டும். திறந்து கிடக்கும் போனை எடுத்து யாரோ அழுத்தியிருக்கலாம். வழியில் இருக்கும் ஆர்டர், வாலட்டில் மீந்திருக்கும் பணம், முடியாத ரீஃபண்ட் ஆகியவை இருந்தால் அங்கேயே சொல்லிவிட வேண்டும். ஆப்பிள் வழியாக மாதச் சந்தா கட்டுபவராக இருந்தால், கணக்கை நீக்கினாலும் சந்தா தானாக நிற்காது, அதைத் தனியாக ரத்து செய்ய வேண்டும் என்பதையும் சொல்ல வேண்டும். பிறகு எது எந்தத் தேதியில் போகும், எது எவ்வளவு காலம் இருக்கும் என்பதை நாலு வரியில் காட்டி ஒப்புதல் வாங்க வேண்டும். ‘சில தகவல்கள் சட்டப்படி வைக்கப்படலாம்’ என்ற ஒற்றை வரி யாருக்கும் எதையும் சொல்வதில்லை.

ஒப்புதல் வந்ததும் டேட்டாபேஸில் நடப்பது சின்ன விஷயம்:

```sql
UPDATE users SET deleted_at = now()
WHERE id = 48213;

INSERT INTO deletion_requests
  (user_id, requested_at, purge_after)
VALUES (48213, now(), now() + interval '30 days');
```

முதல் கட்டளை, வாடிக்கையாளரின் வரியில் ‘நீக்கப்பட்ட நேரம்’ என்ற கட்டத்தை நிரப்புகிறது. வரி அழியவில்லை. கடைப் பேரேட்டில் ஒரு வரியைக் கோடு போட்டு அடிப்பதற்கும் தாளையே கிழிப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான் இது. இரண்டாவது கட்டளை, துடைக்க வேண்டிய தேதியைத் தனிப் பதிவேட்டில் எழுதுகிறது. நம் உதாரணத்தில் அது ஏப்ரல் 1.

அந்தத் தேதியை அப்போதே எழுதிவைப்பதற்குக் காரணம் இருக்கிறது. நீக்கிய நாளை மட்டும் எழுதிக்கொண்டு, ‘முப்பது நாள் ஆயிற்றா’ என்று இரவு நிரல் கணக்குப் போட்டுக்கொள்ளட்டும் என்று விடலாம். ஆறு மாதம் கழித்து நிறுவனம் முப்பதை அறுபதாக்கினால், ஏப்ரல் 1 என்று வாக்குக் கொடுத்தவர்களின் தேதியும் சத்தமில்லாமல் தள்ளிப்போகும். திரையில் காட்டிய தேதியே டேட்டாபேஸிலும் இருந்தால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

எல்லாவற்றையும் சாஃப்ட் டிலீட் செய்ய வேண்டியதும் இல்லை. லாகின் ஆகியிருக்கும் எல்லாக் கருவிகளிலிருந்தும் அவரை அந்த நொடியே வெளியேற்ற வேண்டும். போனுக்கு அறிவிப்பு அனுப்பும் டோக்கன்களை நேரடியாக அழித்துவிடலாம். சேமித்த கார்டு விவரங்களும் அப்படியே. மனம் மாறித் திரும்பி வருபவர் இவற்றை ஒரு நிமிடத்தில் மறுபடி கொடுத்துக்கொள்வார்.

அடித்த வரி எட்டிப் பார்க்கும் இடங்கள்

சாஃப்ட் டிலீட்டின் பலவீனம், வரி இன்னும் அங்கேயே இருப்பதுதான். வாடிக்கையாளர் பட்டியலைக் கேட்கும் ஒவ்வொரு கட்டளையும் ‘நீக்கப்படாதவர்கள் மட்டும்’ என்று சேர்த்துக் கேட்க வேண்டும். இருநூறு இடத்தில் சரியாக எழுதி, ஓர் இடத்தில் மறந்தால் போதும், அந்த வழியாக அவர் வெளியே தெரிவார். பெரும்பாலும் அந்த ஓர் இடம் விளம்பரப் பிரிவு எடுத்துப்போகும் பட்டியலாக இருக்கும். கணக்கை நீக்கியவருக்குத் தீபாவளிச் சலுகை எஸ்எம்எஸ் வருவது இப்படித்தான். இதற்கு நல்ல மருந்து, நீக்கப்பட்டவர்களை விலக்கிய ஒரு வியூவை டேட்டாபேஸிலேயே செய்து, மற்ற எல்லா நிரல்களும் அதையே படிக்கச் செய்வது. மூல அட்டவணையைத் தொடும் உரிமை, நீக்கும் வேலையைப் பார்க்கும் நிரல்களுக்கு மட்டும் இருந்தால் போதும்.

இன்னொரு சிக்கல் கைபேசி எண். ஒரே எண்ணில் இரண்டு கணக்கு இருக்கக் கூடாது என்று டேட்டாபேஸில் ஒரு கட்டுப்பாடு இருக்கும். அடித்த வரியும் வரிதான் என்பதால், நீக்கியவர் மறு வாரமே புதிதாகச் சேர வந்தால் ‘இந்த எண் ஏற்கெனவே பதிவாகியுள்ளது’ என்று செயலி கையை விரிக்கும். போஸ்ட்கிரெஸ் போன்ற டேட்டாபேஸ்களில் இதற்கு நேரடித் தீர்வு உண்டு. கட்டுப்பாட்டை உயிரோடு இருக்கும் வரிகளுக்கு மட்டும் போட்டுவிடலாம்:

```sql
CREATE UNIQUE INDEX users_mobile_live
ON users (mobile) WHERE deleted_at IS NULL;
```

மீட்கும் வசதிதான் சாஃப்ட் டிலீட் இருப்பதற்கே முதல் காரணம். ஃபேஸ்புக்கில் 30 நாளுக்குள் திரும்பி வந்து நீக்கத்தை ரத்து செய்யலாம். நம் மளிகைச் செயலியும் அதையே தருகிறது. ஆனால் லாகின் செய்தாலே கணக்கு தானாக உயிர்பெறும்படி வைப்பது தப்பு. ‘உங்கள் கணக்கு ஏப்ரல் 1 அன்று அழிய இருக்கிறது, மீட்க வேண்டுமா?’ என்று கேட்டு, ஆம் என்ற பிறகே மீட்க வேண்டும்.

ஏன் முப்பது நாள், ஏன் ஆறு மாதம் இல்லை? நம் ஊரில் இதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு. கைவிடப்பட்ட கைபேசி எண், குறைந்தது 90 நாள் கழித்து இன்னொருவருக்குப் போகலாம் என்பது இந்தியத் தொலைத்தொடர்பு நடைமுறை. 48213 கணக்கை நீக்கியதோடு சிம்மையும் விட்டுவிட்டார் என்றால், ஜூன் மாதத்தில் அந்த எண் முன்பின் தெரியாத ஒருவர் கையில் இருக்கலாம். மீட்கும் காலம் ஆறு மாதம் என்று வைத்திருந்தால், அவர் அதே எண்ணில் ஓடிபி வாங்கி, ‘மீட்கவும்’ என்று ஓர் அழுத்து அழுத்தி, பழைய வாடிக்கையாளரின் வீட்டு முகவரியையும் மருந்து முதல் பால் வரை அவர் வாங்கிய பட்டியலையும் படித்துவிடுவார். கைபேசி எண்ணே சாவியாக இருக்கும் செயலியில் மீட்கும் காலம் 90 நாளுக்கு நன்றாகக் கீழே இருக்க வேண்டும்.

மூன்று தேதிகள்

முப்பது நாள் முடிந்ததும் எல்லாவற்றையும் அழித்துவிடலாமா என்றால், முடியாது. சட்டம் சிலவற்றை வைத்திருக்கச் சொல்கிறது. 2021-இன் தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி, இடைநிலைத் தளங்கள் எனப்படும் நிறுவனங்கள், பதிவுக்காக வாங்கிய தகவலைப் பதிவு ரத்தான பிறகும் 180 நாள் வைத்திருக்க வேண்டும். விற்பனையின் கணக்குக்கு ஜிஎஸ்டி சட்டம் வேறு காலம் சொல்கிறது: அந்த நிதியாண்டின் ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டிய நாளிலிருந்து 72 மாதம்.

இதை 48213-க்குப் போட்டுப் பார்க்கலாம். முகவரிகள், சுயவிவரப் படம், கூடையில் கிடந்தவை, தேடியவை ஆகியவை ஏப்ரல் 1 அன்று போகும். பதிவுத் தகவலான பெயர், கைபேசி எண், மின்னஞ்சல் மூன்றும் 180 நாளுக்கு, அதாவது 2026 ஆகஸ்ட் 29 வரை இருக்கும். அவர் கடைசியாக 2025 ஜூனில் சாமான் வாங்கினார் என்றால் அது 2025-26 நிதியாண்டு. அதன் ஆண்டு ரிட்டர்னுக்குக் கடைசி நாள் 2026 டிசம்பர் 31. அங்கிருந்து 72 மாதம் எண்ணினால், அந்த பில் 2032 டிசம்பர் 31 வரை இருக்கும். ஒரே மனிதர், ஒரே கணக்கு, மூன்று தேதிகள்.

நிறுவனங்கள் சறுக்கும் இடம் இது. ‘பில்லை 2032 வரை வைக்கச் சட்டம் சொல்கிறது’ என்பதைக் காரணமாகக் காட்டி, முழுக் கணக்கையும் 2032 வரை அப்படியே விட்டுவிடுவார்கள். சட்டம் கேட்பது பில்லை மட்டும்தான். அவர் எந்த மாடியில் குடியிருந்தார், இரவு பதினொரு மணிக்கு என்ன தேடினார் என்பதற்கும் வரித்துறைக்கும் சம்பந்தமில்லை. ஜெர்மனியின் டாய்ச்ச வோனன் என்ற வீட்டு வாடகை நிறுவனத்துக்கு 2019-இல் பெர்லின் தரவுப் பாதுகாப்பு அதிகாரி 1.45 கோடி யூரோ அபராதம் விதித்தார். பழைய குடித்தனக்காரர்களின் சம்பள விவரம், வங்கி அறிக்கை போன்றவற்றைச் சேர்த்து வைத்த அவர்களின் ஆவணக் கிடங்கில், தேவை முடிந்ததை நீக்கும் வசதியே வைக்கப்படவில்லை என்பது குற்றச்சாட்டு. அந்த வழக்கு பல ஆண்டுகள் ஐரோப்பிய நீதிமன்றம் வரை போனது.

ஆகவே ஏப்ரல் 1 அன்று பதிவுத் தகவலும் பில்களும் இருந்த இடத்திலிருந்து நகர வேண்டும். செயலி அன்றாடம் தொடாத, இரண்டு மூன்று பேருக்கு மட்டும் அனுமதியுள்ள, யார் திறந்தாலும் பதிவாகும் தனி டேட்டாபேஸுக்கு அவை போக வேண்டும். வாடிக்கையாளர் சேவையில் உட்கார்ந்திருப்பவர் தேடினாலும் 48213 கிடைக்கக் கூடாது.

காலங்களை நிரலுக்குள் புதைக்காமல் தனி அட்டவணையில் வைப்பது நல்லது. எந்த வகைத் தகவல், எத்தனை நாள், எந்தச் சட்டத்தின் பேரில் என்று மூன்றே கட்டங்கள். காரணம், சட்டம் மாறிக்கொண்டே இருக்கிறது. 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நீக்கச் சொல்லும் உரிமையை மக்களுக்குத் தருகிறது. அதன் கீழ் 2025 நவம்பரில் வந்த விதிகள், அரசின் சில தேவைகளுக்காகத் தரவையும் அதைக் கையாண்ட பதிவுகளையும் குறைந்தது ஓராண்டு வைத்திருக்கவும் சொல்கின்றன. இதற்கு 18 மாத அவகாசம் கொடுக்கப்பட்டிருக்கிறது. அது நடைமுறைக்கு வரும்போது நம் செயலி முதல் தேதியிலும் இரண்டாவது தேதியிலும் எதையெல்லாம் தனி இடத்துக்கு நகர்த்த வேண்டும் என்பதை வழக்கறிஞரோடு உட்கார்ந்து திருத்த வேண்டியிருக்கும். அட்டவணை இருந்தால் அது சில வரித் திருத்தம்.

இரவு இரண்டு மணி வேலை

பர்ஜ் ஜாப் கூட்டம் குறைந்த நேரத்தில் ஓடும். தேதி கடந்த கோரிக்கைகளை, பழையது முதலில் என்று, இருநூறு இருநூறாக எடுக்கும். ஒரே மூச்சில் லட்சக்கணக்கான வரிகளை அழிக்கப் போனால் டேட்டாபேஸ் திணறி, காலையில் பால் ஆர்டர் செய்பவர்கள் காத்திருக்க நேரும். ஒவ்வொரு கணக்கையும் தொடும் முன் இன்னொரு தடவை பார்க்க வேண்டும்: இவர் இன்னும் நீக்கப்பட்ட நிலையில்தான் இருக்கிறாரா? நுகர்வோர் நீதிமன்ற வழக்கோ காவல்துறைக் கடிதமோ வந்து இந்தக் கணக்கை நிறுத்தி வைத்திருக்கிறார்களா? இரண்டும் சரி என்றால் நிலையை ‘அழிக்கப்படுகிறது’ என்று மாற்றிய பிறகே அடுத்த படி. அந்த நொடியிலிருந்து ‘மீட்கவும்’ என்ற பட்டன் வேலை செய்யக் கூடாது. இல்லாவிட்டால் பாதி அழிந்த கணக்கு ஒன்று மீண்டு வந்து நிற்கும்.

அழிக்கும் வரிசையும் முக்கியம். புதிதாக எழுதுபவர்கள் `users` அட்டவணையின் வரியைத்தான் முதலில் அழிக்கப் போவார்கள். ஆனால் படம் எந்தக் கோப்பில் இருக்கிறது, எஸ்எம்எஸ் நிறுவனத்தில் இவருக்கு என்ன எண், புகார் மென்பொருளில் இவர் பெயரில் எத்தனை டிக்கெட் என்ற குறிப்பெல்லாம் அந்த வரியை வைத்துத்தான் கிடைக்கும். அதை முதலில் அழித்துவிட்டால் மற்றவை சொந்தக்காரர் இல்லாமல் தங்கிவிடும். பிறகு அவற்றைத் தேடிப் பிடிக்க வழியே இல்லை. ஆகையால் வெளியில் இருப்பவை முதலில், உள்ளே இருப்பவை அடுத்து, அந்த வரி கடைசியில்.

வெளி நிறுவனங்களிடம் அழிக்கச் சொல்லும்போது ஏதாவது ஒன்று அன்று பதில் தராது. அதற்காக மற்றவற்றை நிறுத்தாமல், எந்தப் படி முடிந்தது எது மிச்சம் என்று எழுதிவைத்து, மறுநாள் மிச்சத்திலிருந்து தொடர வேண்டும். ஒரே படியை இரண்டு முறை செய்தாலும் கேடு வரக் கூடாது. இங்கே அடிக்கடி நடக்கும் பிழை ஒன்று உண்டு. நேற்று அழிக்கச் சொன்னோம், அழிந்துவிட்டது, ஆனால் பதில் வரும் முன் இணைப்பு அறுந்தது. இன்று மறுபடி கேட்டால் ‘அப்படி யாரும் இல்லை’ என்று `404` பதில் வருகிறது. நிரல் இதைத் தோல்வி என்று எடுத்துக்கொண்டால் அந்தக் கணக்கு என்றைக்கும் முடியாமல் தினமும் சுற்றிக்கொண்டிருக்கும். அழிக்கும் வேலையில் ‘இல்லை’ என்ற பதில் வெற்றிதான்.

உள்ளே அழிக்கும்போது பயப்பட வேண்டியது `ON DELETE CASCADE`. வாடிக்கையாளர் வரி போனால் அதைச் சார்ந்த வரிகளும் தானாகப் போக வேண்டும் என்று டேட்டாபேஸுக்குச் சொல்லும் வசதி இது. முகவரிக்குச் சரி. பில்லுக்கும் அதைப் போட்டிருந்தால் ஒரே கட்டளையில் 2032 வரை இருக்க வேண்டிய வரிக் கணக்கு போய்விடும். எனவே பலரும் `users` வரியை முழுவதும் அழிப்பதில்லை. 48213 என்ற எண்ணை மட்டும் விட்டுவிட்டு, பெயர், எண், மின்னஞ்சல் கட்டங்களை வெறுமையாக்குகிறார்கள். அவர் எழுதிய விமர்சனம் தளத்தில் நிற்குமானால் ‘நீக்கப்பட்ட பயனர்’ என்று தெரியும்.

வெறுமையாக்குவதற்குப் பதில் கைபேசி எண்ணை ஹாஷ் செய்து, புரியாத எழுத்துக்கோவையாக மாற்றிவைத்தால் போதும் என்று சிலர் நினைக்கிறார்கள். இந்தியக் கைபேசி எண்கள் பத்து இலக்கம், தொடக்கம் 6 முதல் 9 வரை. மொத்தம் 400 கோடி எண்களுக்கு மேல் இருக்க முடியாது. அத்தனையையும் ஹாஷ் செய்து ஒப்பிட்டுப் பார்ப்பது இன்றைய கணினிக்குச் சிறு வேலை. அப்படி மாற்றிவைத்த எண்ணை அழித்த கணக்கில் சேர்க்க முடியாது.

இவ்வளவையும் செய்யும் நிரல்தான் அட்லாசியனில் நடந்ததையும் செய்ய வல்லது. அதனால் அதற்கு ஒரு கடிவாளம் வேண்டும். தினமும் நூற்றிருபது கணக்கு அழியும் செயலியில் ஓர் இரவு ஆயிரத்து இருநூறு பேர் வரிசையில் நின்றால், நிரல் ஒன்றையும் தொடாமல் நின்று ஒரு மனிதரை எழுப்ப வேண்டும். யாரோ முப்பதை மூன்றாக்கியிருக்கலாம். நிரலை மாற்றிய முதல் இரவு, எதையும் அழிக்காமல் ‘இவற்றை அழித்திருப்பேன்’ என்று பட்டியல் மட்டும் போடச் செய்து, அதைக் கண்ணால் பார்த்த பிறகு விடுவது பழக்கம்.

பேக்கப்பிலிருந்து எழுந்து வருபவர்கள்

ஏப்ரல் 2 அதிகாலை 48213 டேட்டாபேஸில் இல்லை. ஆனால் ஏப்ரல் 1 இரவு எடுத்த பேக்கப்பில் இருக்கிறார். பேக்கப்புகள் ஒட்டுமொத்தமாகப் பூட்டிய பொட்டலங்கள். ஒவ்வொன்றையும் பிரித்து ஒரு மனிதரை மட்டும் எடுப்பது நடைமுறையில் ஆகாத காரியம். அவற்றுக்கு ஓர் ஆயுள் வைத்து, தானாகக் காலாவதியாக விடுவதே வழி. அமேசானின் ஆர்டிஎஸ் சேவையில் தானியங்கி பேக்கப்பை அதிகபட்சம் 35 நாள் வைக்கலாம். நம் செயலியும் 35 நாள் வைத்தால், நகர்த்தாமல் அழித்த அவருடைய முகவரிகள் உண்மையில் ஒழிவது மே 7 வாக்கில்தான். கூகுள் இதைத் தன் விளக்கத்திலேயே சொல்லிவிடுகிறது: சர்வர்களிலிருந்து முழுதாக நீங்க சுமார் இரண்டு மாதம், பேக்கப்புகளில் ஆறு மாதம் வரைகூட இருக்கலாம் என்று.

ஏப்ரல் 20 அன்று டேட்டாபேஸ் கெட்டுப்போய், மார்ச் 28-இன் பேக்கப்பை ஏற்ற வேண்டி வந்தால்? 48213 உயிரோடு எழுந்து வருவார். அவரைத் துடைத்தோம் என்ற குறிப்பும் அதே டேட்டாபேஸில் இருந்ததால் அதுவும் இருக்காது. அதனால் துடைத்து முடித்த கணக்குகளின் எண்ணையும் தேதியையும் மட்டும், வேறெந்த விவரமும் இல்லாமல், வேறோர் இடத்தில் எழுதிவைக்க வேண்டும். பேக்கப்பை ஏற்றியதும், வாடிக்கையாளர்களுக்குத் திறக்கும் முன், அந்தப் பட்டியலை வைத்து மறுபடி துடைக்க வேண்டும்.

அழிந்ததா என்று எப்படித் தெரியும்

பர்ஜ் ஜாப் நின்றுபோனால் யாரும் புகார் செய்ய மாட்டார்கள். ஆர்டர் போகவில்லை என்றால் பத்து நிமிடத்தில் போன் வரும். அழிய வேண்டியவர் அழியாவிட்டால் அவருக்கே தெரியாது. நாலு மாதம் ஓடாமல் கிடந்தாலும் செயலி நன்றாகவே இயங்கும். அதனால் ‘வேலை ஓடியது’ என்ற செய்தியை நம்பக் கூடாது. ஓடி, பூஜ்யம் கணக்கை அழித்துவிட்டு, பச்சை விளக்கும் காட்டலாம். பார்க்க வேண்டிய எண் இது:

```sql
SELECT count(*) FROM deletion_requests
WHERE purge_after < now() - interval '2 days'
  AND done_at IS NULL AND legal_hold = false;
```

தேதி கடந்து இரண்டு நாளாகியும் முடியாமல், வழக்குக்காக நிறுத்தியும் வைக்காமல் எத்தனை பேர் கிடக்கிறார்கள் என்பதே இதன் கேள்வி. விடை 0 ஆக இருக்க வேண்டும். ஒன்று என்று வந்தாலே யாருக்காவது செய்தி போக வேண்டும்.

இந்தக் கேள்வியும் பதிவேட்டுக்குத் தெரிந்ததைத்தான் சொல்லும். போன மாதம் விளம்பரப் பிரிவு புதிதாகச் சேர்த்த மென்பொருளில் வாடிக்கையாளர் பட்டியல் ஏறியிருந்தால் அது பர்ஜ் ஜாப்புக்குத் தெரியாது. அதைப் பிடிக்க, மாதம் ஒரு சோதனைக் கணக்கு தொடங்க வேண்டும். வேறெங்கும் வராத ஒரு பெயரைக் கொடுத்து, சாமான் வாங்கி, படம் ஏற்றி, புகார் ஒன்றும் எழுதி, கணக்கை நீக்க வேண்டும். தேதி கடந்ததும் அந்தப் பெயரை எல்லா இடத்திலும் தேட வேண்டும்: டேட்டாபேஸ், கோப்புகள், லாக்குகள், எக்செல் ஏற்றுமதிகள், வெளி நிறுவனங்களின் திரைகள். பதிவுத் தகவலுக்கும் பில்லுக்கும் ஒதுக்கிய தனி இடத்தைத் தவிர வேறெங்கே அது அகப்பட்டாலும், அந்த இடத்தைப் பர்ஜ் ஜாப்பின் பட்டியலில் சேர்க்க வேண்டும்.

செயலியைப் பயன்படுத்துபவர் இதையெல்லாம் உள்ளே போய்ப் பார்க்க முடியாது. ஆனால் நீக்கும் திரையிலேயே சில கேள்விகளுக்கு விடை தேடலாம். எந்தத் தேதி வரை மீட்கலாம்? எது எந்தத் தேதியில் அழியும்? எதை, எந்தச் சட்டத்துக்காக, எப்போது வரை வைத்திருப்பார்கள்? முடிந்ததும் தகவல் வருமா? நாள்களை எண்ணோடு சொல்லும் செயலியில் அந்த நாள்களைப் பார்த்துக்கொள்ள ஒரு நிரல் இருக்க வாய்ப்பு அதிகம். ‘உங்கள் கோரிக்கை பரிசீலிக்கப்படும்’ என்று மட்டும் சொன்னால், எழுதிக் கேட்டு, பதிலில் தேதியை வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.